கடல் மின்சாரம் ஏன் மலிவாக இல்லை: கணக்கில் நேரும் தவறுகள்

அலை இலவசம், ஓதமும் இலவசம், எரிபொருள் செலவே இல்லை, ஆகவே மின்சாரம் மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் முதலில் இடறுவது, அலையையும் ஓதத்தையும் ஒன்றாகப் பார்ப்பதில்.

ஓதம், அதாவது கடல்நீர் ஏறுவதும் வற்றுவதும், நிலவும் சூரியனும் இழுப்பதால் வருவது. எந்த நாளில் எத்தனை மணிக்கு நீரோட்டம் வேகமெடுக்கும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிடலாம். ஆனால் அதற்கேற்ற இடம் வேண்டும். நீரோட்டத்தின் ஆற்றல் வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பைக் கடக்கும் ஆற்றல் அரை கிலோவாட்தான். 3 மீட்டர் வேகத்தில் அது ஏறக்குறைய 14 கிலோவாட். டர்பைனால் இதில் பாதியைக்கூடப் பிடிக்க முடிவதில்லை. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசமே சுமார் ஒரு மீட்டர் என்பதால், 'நமக்குத்தான் நீண்ட கடற்கரை இருக்கிறதே' என்ற வாதம் இங்கே செல்லாது. ஸ்காட்லாந்தின் பென்ட்லாண்ட் நீரிணை போல, இரு கடல்களுக்கு நடுவே நீர் நெருக்கியடித்துப் பாயும் இடங்களே இதற்குத் தோது.

அலை காற்றால் எழுவது. அதை வைத்து மின்சாரம் எடுத்துப் பார்த்த இடம் நமக்குப் பக்கத்திலேயே இருந்தது. திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞம் மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவரை ஒட்டி, சென்னை ஐஐடியின் ஆய்வாளர்கள் உருவாக்கிய நிலையம் 1991-இல் இயங்கத் தொடங்கியது. கடலடியில் நிறுத்திய பெரிய கான்கிரீட் பெட்டி அது. கீழே இருக்கும் திறப்பு வழியாக நீர் உள்ளே வரும். அலை ஏறும்போது நீர்மட்டம் உயர்ந்து மேலே உள்ள காற்றை வெளியே தள்ளும், இறங்கும்போது காற்றை உள்ளே இழுக்கும். காற்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே திசையில் சுழலும் வெல்ஸ் டர்பைன் உச்சியில் இருந்தது. சுழலும் பாகங்கள் உப்புநீரைத் தொடவே இல்லை என்பது இந்த அமைப்பின் அழகு.

இங்கேதான் அடுத்த தவறு. நிலையத்தின் திறன் 150 கிலோவாட் என்று படித்தவுடன், அதை 24 மணி நேரத்தால் பெருக்கிவிடுகிறோம். அலையின் ஆற்றல் அதன் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஒரு மீட்டர் உயரமும் 8 நொடி இடைவெளியும் உள்ள அலைகளில், அலைமுகப்பின் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 4 கிலோவாட் இருக்கும். உயரம் பாதியானால் கால்வாசிதான் மிஞ்சும். விழிஞத்தில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், மற்ற மாதங்களில் அடங்கிவிடும். ஒரே அலைக்குள்ளும் காற்று இருமுறை வேகமெடுத்து இருமுறை நின்றுபோகும். மின்கட்டமைப்போடு இணைந்த இண்டக்‌ஷன் ஜெனரேட்டர் என்றால், காற்று போதாத நேரத்தில் அதுவே மோட்டாராகி மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். ஆகவே கேட்க வேண்டியது, ஓர் ஆண்டில் நிகரமாக எத்தனை யூனிட் வெளியே போனது என்பதைத்தான். விழிஞம் நிலையம் 2011-இல் மூடப்பட்டது.

சரி, சின்ன அலைதான் பிரச்சினை என்றால் பெரிய அலை உள்ள இடத்துக்குப் போகலாமே? போகலாம், ஆனால் அங்கே புயல் இருக்கிறது. 6 மீட்டர் உயரமும் 12 நொடி இடைவெளியும் உள்ள அலை, மேலே சொன்ன அலையைவிட ஐம்பது மடங்குக்கு மேல் ஆற்றலோடு வந்து மோதும். அந்த ஆற்றலில் பெரும்பகுதியை ஜெனரேட்டரால் வாங்க முடியாது, விட்டுவிடத்தான் வேண்டும். ஆனால் எஃகும் கான்கிரீட்டும் நங்கூரமும் அந்த அடியைத் தாங்கியாக வேண்டும். வருமானம் தருவது சாதாரண அலை, கட்டுமானச் செலவைத் தீர்மானிப்பது புயல் அலை. அலைமின்சாரம் விலை கூடியதாகவே இருப்பதற்கு என் பார்வையில் இதுதான் தலையாய காரணம்.

செலவு என்றால் கருவியின் விலை மட்டும்தான் என்று நினைப்பதும் தவறு. போர்ச்சுகல் கடலில் 2008-இல் மிதக்கவிட்ட, அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் மூன்று பெலாமிஸ் கருவிகள், ஒவ்வொன்றும் 750 கிலோவாட், சில மாதங்களிலேயே கரைக்கு இழுத்துவரப்பட்டன. தாங்கிகளில், அதாவது பேரிங்குகளில், கோளாறு வந்தது, பணம் போட்ட தாய் நிறுவனமும் நிதி நெருக்கடியில் விழுந்தது. தரையில் ஒரு தாங்கியை மாற்றுவது பெரிய வேலையில்லை. கடலில் அதற்குக் கப்பல் வேண்டும், அமைதியான வானிலை வேண்டும், ஓதம் பாயும் இடமாக இருந்தால் நீரோட்டம் அடங்கும் சொற்ப நேரத்துக்குள் வேலையை முடிக்க வேண்டும். வானிலை ஒத்துவராவிட்டால் கப்பல் சும்மா நிற்கும், வாடகை மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

பிரிட்டன் அரசு 2022-இல் நடத்திய புதுப்பிக்கத்தக்க மின்சார ஏலத்தில் இதன் விளைவு எண்ணாகவே தெரிந்தது. 2012-ஆம் ஆண்டு விலைமதிப்பில், ஓத நீரோட்ட மின்சாரம் மெகாவாட் மணிக்கு சுமார் 178 பவுண்ட், கடல் காற்றாலை மின்சாரம் சுமார் 37 பவுண்ட். காற்றாலைகள் ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வார்த்ததுபோலத் தயாராகின்றன. ஓத டர்பைன்களோ இன்னும் கைவிரல் விட்டு எண்ணும் அளவில்தான் உள்ளன. பென்ட்லாண்ட் நீரிணையின் மெய்ஜென் திட்டத்தில் ஒவ்வொன்றும் 1.5 மெகாவாட் கொண்ட நான்கு டர்பைன்கள் கடலடியில் உள்ளன. அவற்றில் ஒன்று பழுதுக்காக மேலே தூக்கப்படாமல் ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது. தூக்காத ஒவ்வோர் ஆண்டும் ஒரு கப்பல் வாடகை மிச்சம் என்பதால், ஓத மின்சாரத்தின் விலை இறங்குமானால் அது இந்த வழியாகத்தான் இறங்கும்.