சாட் வந்துவிட்டது, படம் வரவில்லை: வாட்ஸ்அப் ரிஸ்டோரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் கடையில் புதிதாகச் சேர்ந்த பையன், வாடிக்கையாளர் ஒருவருடைய போனை மாற்றிக் கொடுத்துவிட்டு, "அண்ணே, வாட்ஸ்அப் எல்லாம் வந்துடுச்சு" என்றான். வாங்கிப் பார்த்தேன். மெசேஜ் எல்லாம் இருந்தன. ஒரு சாட்டைத் திறந்து பழைய பக்கம் போனால், படங்கள் எல்லாம் மங்கலாக, நடுவில் கீழ்நோக்கிய அம்புக்குறியோடு நின்றன. தொட்டால் சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு அனுப்பியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள் என்றது. "பழைய போன் எங்கடா?" "ரீசெட் போட்டு எக்ஸ்சேஞ்சுக்கு வெச்சிட்டேன்ணே."

திட்ட வாய் வரவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் இதே தவறை என் சொந்த போனிலேயே செய்தவன் நான். வை-ஃபை இல்லாமல் ரிஸ்டோர் போடுவது, வேறு நம்பரில் நுழைந்துவிட்டு சாட்டைத் தேடுவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. அவை ஐந்து நிமிடத்தில் தானாகப் பிடிபடும். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் பழைய வாய்ஸ் நோட்டைக் கேட்கப் போகும்போதுதான் தெரிகிற தவறுகளைப் பற்றியே பேச்சு. ஆண்ட்ராய்டை வைத்துச் சொல்கிறேன்.

மங்கலான படத்தை நம்பிப் பழைய போனை அழிப்பது

இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தால் அது ஒரே பொருள் என்று நினைக்கிறோம். உண்மையில் அது இரண்டு இடங்களில் இருக்கிறது. யார், எப்போது, என்ன அனுப்பினார் என்கிற விவரம் ஒரு தரவுத்தளக் கோப்பில் இருக்கும். அதன் பேக்கப்தான் `msgstore` என்று தொடங்கும் கோப்பு. படமோ குரலோ அந்தக் கோப்புக்குள் கிடையாது. அது தனியாக Media என்ற ஃபோல்டரில் கிடக்கும். தரவுத்தளத்தில் இருப்பது "இந்தப் பெயருள்ள கோப்பு, இந்த இடத்தில்" என்கிற குறிப்பும், படமாக இருந்தால் தபால்தலை அளவுக்கு ஒரு மங்கல் நகலும் மட்டுமே.

ஏமாற்றுவது அந்த மங்கல் நகல்தான். உண்மையான படம் வராவிட்டாலும் அது வந்துவிடும். வாய்ஸ் நோட்டில் இன்னும் மோசம். 0:42 என்று நேரம் காட்டும், கோடு கோடாக அலையும் தெரியும், குரல் மட்டும் இருக்காது. மேலோட்டமாகப் பார்ப்பவர் எல்லாம் வந்துவிட்டது என்றுதான் நினைப்பார்.

சரி, அம்புக்குறியைத் தொட்டால் என்ன நடக்கிறது? முதன்முதலில் அந்தப் படம் வந்தபோது எந்த சர்வர் முகவரியிலிருந்து இறங்கியதோ, அதே முகவரிக்கு ஆப் மறுபடி போகிறது. அந்த சர்வர் கிடங்கு அல்ல, கைமாற்றும் இடம். பெறாத மெசேஜையே 30 நாள்தான் வைத்திருக்கும். படங்களும் அங்கே தற்காலிகமாகத்தான் இருக்கும். மூன்று வருடத்துக்கு முந்தைய கல்யாணப் படத்தைக் கேட்டால் அங்கே ஒன்றும் இருக்காது. காலாவதி, கிடைக்கவில்லை என்று வரும் செய்திகளுக்கு அர்த்தம் இவ்வளவுதான்: உங்கள் போனிலும் இல்லை, சர்வரிலும் இல்லை.

நான் அன்று செய்தது என்ன? பழைய போனிலிருந்து Databases ஃபோல்டரை மட்டும் புதிய போனுக்கு நகலெடுத்தேன். சாட் அழகாக வந்தது. மங்கல் படங்களைப் பார்த்து, நெட் மெதுவாக இருக்கிறது, ராத்திரி இறங்கிவிடும் என்று நினைத்துக்கொண்டு பழைய போனை ரீசெட் செய்தேன். ஒரு படமும் இறங்கவில்லை.

கூகுள் கணக்கிலிருந்து ரிஸ்டோர் செய்தாலும் இதே பள்ளம் உண்டு. முதலில் மெசேஜ் மட்டும் இறங்கும், சில நிமிடத்தில் சாட் திறந்துவிடும். மீடியா அதன் பிறகு பின்னணியில் இறங்கும். பத்து ஜிபி என்றால் வீட்டு வை-ஃபையில் மணிக்கணக்கில் ஆகலாம். அது முடிவதற்குள் எக்ஸ்சேஞ்சுக்காரர் வாசலில் நிற்பார்.

எனவே கடையில் இப்போது ஒரு சோதனை வைத்திருக்கிறேன். மிகப் பழைய சாட் ஒன்றைத் திறந்து, இரண்டு வருடத்துக்கு முந்தைய படம் ஒன்றை முழு அளவில் திறக்க வேண்டும், வாய்ஸ் நோட் ஒன்றைக் காதில் கேட்க வேண்டும். போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டுத்தான் இதைச் செய்வது. நெட் இல்லாமலே திறந்தால் கோப்பு போனில் இருக்கிறது. அதுவரை பழைய போனை யாரும் தொடக்கூடாது.

பேக்கப் அளவைப் பார்க்காமல் போவது

பழைய போனில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போனால் கடைசி பேக்கப் நடந்த தேதியும் அளவும் இருக்கும். பெரும்பாலோர் தேதியை மட்டும் பார்க்கிறார்கள், அதுவும் சில நேரம் தவறான தேதியை. லோக்கல் என்று போட்டிருப்பது போனுக்குள்ளேயே இரவு 2 மணிக்கு எடுக்கப்படும் மெசேஜ் நகல், அதில் மீடியா இல்லை. கூகுள் என்பதற்கு நேராக உள்ள தேதியைப் பாருங்கள்.

அப்புறம் அளவு. ஒரு உதாரணம்: Media ஃபோல்டர் 18 ஜிபி, அதில் வீடியோ 9 ஜிபி. பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்கும் தேர்வு அணைந்திருக்கிறது. அப்படியானால் கூகுள் பேக்கப் ஏறக்குறைய 9 ஜிபி இருக்க வேண்டும். அங்கே 600 எம்பி என்று காட்டினால் படமும் குரலும் மேலே போகவே இல்லை. 2024-இலிருந்து இந்த பேக்கப் கூகுள் கணக்கின் இடத்தைத் தின்கிறது. இலவச இடம் 15 ஜிபி, அதை மெயிலும் போட்டோவும் பங்கு போட்டுக்கொள்ளும். இடம் நிறைந்தால் பேக்கப் நின்றுவிடும், பழைய தேதியே மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

ரிஸ்டோரை ஸ்கிப் செய்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்பது

அதை நம்பாதீர்கள். அடுத்த பேக்கப் பழையதன் மேலேயே எழுதும்.

கேலரியை நகலெடுத்தால் போதும் என்று நினைப்பது

வாய்ஸ் நோட் கேலரியில் வராது. அதற்கென்று தனி ஃபோல்டர் இருக்கிறது, அதற்குள் வாரத்துக்கு ஒரு ஃபோல்டர். இப்படி இருக்கும்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/
  WhatsApp Images/IMG-20230405-WA0012.jpg
  WhatsApp Voice Notes/202314/PTT-20230405-WA0007.opus
```

மிகப் பழைய போன்களில் இதே WhatsApp ஃபோல்டர் நேராக முதல் பக்கத்திலேயே இருக்கும்.

கேபிள் போட்டு கணினியில் இந்த Media ஃபோல்டரை மொத்தமாக எடுத்து, புதிய போனில் அதே பாதையில் வைத்துவிட்டு, பிறகு வாட்ஸ்அப்பில் நுழைந்து ரிஸ்டோர் செய்தால் போதும். பெயரும் இடமும் தரவுத்தளக் குறிப்போடு பொருந்தும், படம் திறக்கும். பெயரை மாற்றினாலோ வேறு ஃபோல்டரில் கொட்டினாலோ ஆப்புக்குத் தெரியாது. அதே காரணத்தால்தான் இடம் காலி செய்கிறேன் என்று கேலரியிலோ க்ளீனர் ஆப்பிலோ வாட்ஸ்அப் படங்களை அழித்தவருக்கும் சாட்டில் அம்புக்குறி முளைக்கிறது. ரிஸ்டோரின் மேல் பழி போட்டுக்கொண்டு வருவார்கள்.

ஒருபோதும் இறக்காத படத்தைத் தேடுவது

டேட்டா மிச்சம் என்று ஆட்டோ டவுன்லோடை அணைத்து வைத்திருந்தால், தொடாத படங்கள் பழைய போனுக்கே வந்திருக்காது. பழைய போனிலும் அம்புக்குறி இருக்கும், பாருங்கள்.

ஒருமுறை மட்டும் பார்க்கும் படம்

திறக்காவிட்டால் 14 நாளில் போய்விடும். விடுங்கள்.

பேக்கப் பாஸ்வேர்டை மறப்பது

என்கிரிப்ட் செய்த பேக்கப்பின் பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ இல்லையென்றால் என்னிடம் வந்தும் பயனில்லை.

கணினியைக் கவனிக்காமல் புதிய போனில் நுழைவது

லேப்டாப்பில் வாட்ஸ்அப் இணைத்திருந்தால், போனில் போன படம் அங்கே இருக்க வாய்ப்புண்டு. ஆனால் புதிய போனில் நம்பரைப் பதிவு செய்த உடனே இணைத்த கருவிகள் எல்லாம் வெளியேறிவிடும். முதலில் லேப்டாப்பிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் போன பிறகு

ஒரு அக்கா வந்தார். இறந்துபோன அப்பாவின் வாய்ஸ் நோட்டுகள் வேண்டும். அக்காவின் பழைய போன் எப்போதோ கைமாறிவிட்டது, கூகுள் பேக்கப்பில் மெசேஜ் மட்டுமே ஏறியிருந்தது. சாட்டில் அப்பாவின் பெயர், தேதி, நேரம் எல்லாம் இருக்கிறது, தொட்டால் ஒன்றுமில்லை.

குடும்ப குரூப்பில் அப்பா பேசியவை தம்பியின் போனில் இருந்தன. தம்பி அந்தக் கோப்புகளை அனுப்ப, அவற்றைத் தன் ஃபோல்டரில் போட்டால் பழைய இடத்திலேயே திறந்துவிடும் என்று அக்கா நினைத்தார். திறக்காது. WA0007 என்கிற எண்ணை ஒவ்வொரு போனும் தானே போட்டுக்கொள்கிறது. தம்பி போனில் ஏழாவதாக இருப்பது அக்கா போனில் முப்பதாவதாக இருக்கலாம். தம்பியை சாட்டிலிருந்தே ஃபார்வர்டு செய்யச் சொன்னேன். இன்றைய தேதியில் புது மெசேஜாக வந்து விழுந்தன, ஆனால் குரல் கேட்டது.

அக்காவுக்குத் தனியாக அனுப்பியவை தம்பியிடம் இல்லை. "அப்பாவோட போன் என்னாச்சுக்கா?" என்று கேட்டேன். பீரோவில் இருக்கிறது, சிம்மைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், அது எதற்கு என்றார். அனுப்பியவர் போனிலும் ஒரு நகல் இருக்கும். சிம் வேண்டாம், வாட்ஸ்அப்பில் நுழையவும் வேண்டாம். சொல்லப்போனால் நுழையவே கூடாது. Voice Notes ஃபோல்டரில் இருப்பவை பூட்டில்லாத சாதாரண ஒலிக் கோப்புகள், திரைப் பூட்டைத் திறந்து கேபிள் போட்டால் போதும்.

பேட்டரி உப்பியிருந்தது, மாற்றினேன். பேட்டர்ன் யாருக்கும் தெரியவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த பேரன் தாத்தா விரல் போன வழியை நினைவு வைத்திருந்தான், இரண்டாவது தடவையில் திறந்தது. ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். கோப்புப் பெயரில் தேதி இருப்பதால், சாட்டில் அம்புக்குறியோடு நிற்கும் ஒவ்வொன்றுக்கும் எது எது என்று அக்கா வீட்டில் உட்கார்ந்து பொருத்திப் பார்த்திருக்கிறார். முதலில் திறந்தது, கேஸ் புக் பண்ணிட்டியாம்மா என்று அப்பா கேட்கிற எட்டு வினாடியாம்.