வெள்ளை முயலும் பால் பாட்டிலும்: வெளிர் நிறப் படங்களில் நடக்கும் தவறுகள்

பஞ்சு பொம்மை விற்கும் ஒருவர், தான் எடுத்த படங்களை எனக்கு அனுப்பிவிட்டு போனில் கேட்டார்: "எல்லாம் வெள்ளையாத்தானுங்க இருக்கு. ஆனா சுத்தமா இருக்கிற மாதிரி தெரியலைங்களே, ஏன்?"

நல்ல கேள்வி. ஒரு அடி உயர வெள்ளை முயல், பின்னால் இளம்பச்சை சார்ட் பேப்பர், பக்கத்தில் பால் ஊற்றிய ஒரு குழந்தைப் பாட்டில். முயலின் முகத்தில் ரோமமே இல்லை. வெறும் வெள்ளைத் திட்டில் இரண்டு கண்கள் மிதந்தன. ஒரு காது மஞ்சளாகவும் இன்னொன்று நீலமாகவும் இருந்தது. பாட்டிலின் மேல்பாதி புகை படிந்தது போல இருந்தது, அதன் கழுத்தில் நுரை ஒட்டியிருந்தது. குழந்தைப் பொருள் படங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள் எல்லாம் அந்த ஒரே படத்தில் இருந்தன. அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் வெள்ளை. கேமராவுக்கு எதிரில் இருப்பது வெள்ளை முயலா கறுப்பு யானையா என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாகக் கருதித்தான் வெளிச்சத்தைக் கணக்கிடும். அதனால் வெள்ளைப் பொம்மை முதல் படத்தில் மங்கி, அழுக்குப் பிடித்தது போல வரும். பார்த்தவுடன் எடிட்டிங்கில் பிரைட்னஸைக் கடைசி வரை தள்ளிவிடுகிறோம். சாம்பல் போய்விடும், கூடவே ரோமமும் போய்விடும். ரோமம் தெரியாத பொம்மையை மென்மையானது என்று கண் நம்பாது. தையலும் இழையும் தெரிந்தால்தான் "இது புதுசு, சுத்தமானது" என்று பார்ப்பவருக்குத் தோன்றும்.

கேமராவில் எடுப்பவர்கள் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1-லிருந்து +1.7-க்குள் வைத்து, படத்தில் எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெள்ளை என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். மேடு வலது ஓரத்துக்குப் பக்கத்தில் வரலாம், ஓரச் சுவரில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255 என்ற அளவில் ரோமத்தின் மிக வெளிச்சமான இடம் 240 பக்கம் நின்றால் போதும். 255 என்றால் அங்கே பொம்மையே இல்லை, வெற்றிடம்தான். போனில் எடுப்பவர்கள் பொம்மையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தை மெல்ல ஏற்றுங்கள். கன்னத்து ரோமம் மறையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, கொஞ்சம் பின்னால் வாருங்கள். அதுதான் சரியான இடம்.

அடுத்து, மென்மையான வெளிச்சம் என்றால் நிழலே இல்லாத வெளிச்சம் என்று நினைப்பது. இது மிகப் பரவலான தவறு. நான்கு பக்கமும் விளக்கு வைத்தால் நிழல் போகும், பொம்மையின் உருண்டையும் போகும். வெட்டி ஒட்டிய ஸ்டிக்கர் போல அது அந்தரத்தில் நிற்கும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரட்டும், ஆனால் பெரிய பரப்பிலிருந்து வரட்டும். நான்கடி அகல ஜன்னலில் பழைய வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகக் கட்டி, மூன்றடி தள்ளிப் பொம்மையை வைத்தால் கடையில் வாங்கிய சாஃப்ட்பாக்ஸுக்கு அது கொஞ்சமும் குறையாது. வேட்டியின் கரை மட்டும் ஜன்னலுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தச் சாயம் முயலின் மேல் விழும். எதிர்ப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, பொம்மையிலிருந்து இரண்டடி தள்ளி. அதை நெருக்கி வைத்தால் மறுபடியும் தட்டையாகிவிடும். காதுக்குப் பின்னால் ஒரு மெல்லிய சாம்பல் நிழல், பொம்மை தரையைத் தொடும் இடத்தில் கொஞ்சம் அழுத்தமான நிழல், இந்த இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தப் படத்தில் ஒரு காது மஞ்சளாகவும் இன்னொன்று நீலமாகவும் இருந்ததற்குக் காரணம் எளிது. ஜன்னல் வெளிச்சம் போதாதென்று அறையின் மஞ்சள் பல்பையும் போட்டிருந்தார். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்: பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 2700 முதல் 3000. இரண்டும் ஒரே பொம்மையின் மேல் விழுந்தால், வெள்ளையை வெள்ளையாகக் காட்டச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு காது கெடும். பகலில் எடுத்தால் அறையின் விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள், டியூப் லைட்டும் சேர்த்து. பச்சைச் சுவரோ, ஜன்னலுக்கு வெளியே நெருக்கமான செடியோ இருந்தாலும் வெள்ளை ரோமத்தில் அந்தப் பச்சை ஏறும். முதல் படத்தில் பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுத்துக்கொண்டால், பிறகு அதை வைத்தே நிறத்தைச் சரிசெய்யலாம்.

இன்னொரு நீலம் இருக்கிறது, அது பலரைக் குழப்பும். வெள்ளைச் சட்டைக்கு நீலம் போடுவது போல, வெள்ளைச் செயற்கைத் துணிகளில் பளிச்சென்று காட்டும் ஒரு பொருளைச் சேர்ப்பது வழக்கம். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி விடும். நேரடி ஃபிளாஷ் அடித்தால் பின்னணி சரியான நிறத்தில் இருக்கும், முயல் மட்டும் நீலமாக நிற்கும். இதை வொயிட் பேலன்ஸில் சரிசெய்யப் போனால் பின்னணி மஞ்சளாகும். பொம்மையை மட்டும் தேர்ந்தெடுத்து நீலத்தின் சாச்சுரேஷனைக் குறைப்பதுதான் வழி. ஃபிளாஷை ஒரு துணி டிஃப்யூசர் வழியாக விட்டால் தொல்லை கொஞ்சம் குறையும்.

இனி பாட்டில். என்னைக் கேட்டால், இருப்பதிலேயே சிரமமானது இதுதான், ஏனென்றால் பால் ஊற்றிய பாட்டில் இரண்டு பொருள். கீழே பால் இருக்கும் பகுதி ஒளியை உள்ளே விடாது, வெள்ளைப் பொம்மை போலவே அதற்குப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். பாலுக்கு மேலே இருக்கும் பகுதி கண்ணாடி மாதிரி. பின்னாலும் பக்கத்திலும் என்ன இருக்கிறதோ அதைத்தான் காட்டும். அவர் படத்தில் தெரிந்த புகை, உண்மையில் அறையின் எதிர்ச்சுவர். பின்னணிப் பேப்பரில் தனியாகக் கொஞ்சம் வெளிச்சம் விழும்படி செய்தால் மேல்பகுதி தெளிந்துவிடும். ஆனால் அப்போது பாட்டிலின் ஓரம் பின்னணியோடு கரையும். ஸ்டூடியோக்களில் இதற்குப் பாட்டிலின் இரு பக்கமும் படத்துக்குள் வராத தூரத்தில் கறுப்பு அட்டை வைப்பார்கள், ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும். மதுப்புட்டிக்கு அது அழகு, குழந்தைப் பொருளுக்கு முரடு. பின்னணி இளம்பச்சை என்றால் அதே பச்சையில் இரண்டு மடங்கு அழுத்தமான சார்ட் பேப்பரைப் பட்டையாக வெட்டி வையுங்கள். ஓரம் தெரியும், மென்மையும் கெடாது.

பின்னணி நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பாலை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிர் மஞ்சள், கிரீம் இரண்டும் தனியாகப் பார்க்க அழகுதான். ஆனால் அந்தச் சாயல் பாலில் ஏறினால் நேற்றைய பால் மாதிரி தெரியும். இளநீலமும் இளம்பச்சையும் பாலை வெள்ளையாகக் காட்டும். பொம்மை, பாட்டில், பின்னணி மூன்றும் ஒரே அளவு வெளிறி இருந்தாலும் படம் நிற்காது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் சரி.

பாலை நேராக ஊற்றினால் நுரை கட்டும், சுவரில் தெறித்த இடத்தில் ஒரு வெண்படலம் ஒட்டி நிற்கும். அதைத் துடைக்கத் துணியை உள்ளே விட்டால் இன்னும் பரவும். நீண்ட குழாய் உள்ள புனல் அடி வரை போகும்படி வைத்து, 120 மி.லி. கோடு வரை மெதுவாக ஊற்றுங்கள். மேலே நிற்கும் ஓரிரு குமிழியைச் சொட்டு மருந்துக் குழாயால் உறிஞ்சி எடுங்கள். கேமரா பால் மட்டத்துக்கு நேராக இருக்கட்டும். சிலர் குளிர்பானப் படங்களைப் பார்த்துவிட்டுப் பாட்டிலின் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். வேண்டாம். குளிர்பானத்தில் அது குளிர்ச்சி, பால் பாட்டிலில் அது துடைக்காத ஈரம்.

சிலிக்கோன் நிப்பிள் தூசியைக் காந்தம் மாதிரி இழுக்கும். துணியால் துடைத்தால் துணியின் இழைதான் அதில் ஒட்டும். தண்ணீரில் அலசி, அப்படியே காயவிட்டு, வளையத்தைப் பிடித்துத்தான் பொருத்த வேண்டும். எடுப்பதற்கு முன் ரப்பர் ஊதியால் இரண்டு ஊது. பொம்மை பாலிதீன் உறையில் அமுங்கி வந்திருக்கும். அரை அடி தள்ளி நீராவி காட்டி, மென்மையான பிரஷால் ரோமத்தை நிமிர்த்திவிட்டு, ஒட்டும் உருளையை ஒரு முறை ஓட்டுங்கள். இந்த 10 நிமிடம் எடிட்டிங்கில் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

படம் அழகாக வந்தும் காட்சியே தவறாகிவிடுவது உண்டு. பாட்டிலைப் பொம்மையின் கையில் சாய்த்து, படுத்திருக்கும் குழந்தையின் வாயில் வைத்தது போல எடுக்கிறார்கள். அப்படி முட்டுக்கொடுத்துப் பால் புகட்டுவது புரையேற வைக்கலாம். தூங்கும் கைக்குழந்தையைச் சுற்றிப் பஞ்சு பொம்மைகளை அடுக்குவதும் அப்படித்தான். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை தூங்கும் இடத்தில் மெத்தென்ற எந்தப் பொருளும் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. மூச்சு அடைக்கும் ஆபத்துதான் காரணம். படத்தைப் பார்த்து வீட்டில் அப்படியே செய்பவர்கள் உண்டு.

கடைசியாகச் சட்டம். இதைப் படம் எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தியாவில் பால் பாட்டிலுக்கு விளம்பரம் செய்யவே கூடாது. தாய்ப்பாலுக்கு மாற்றான பால் பொருள்கள், பால் புட்டிகள், குழந்தை உணவுகள் குறித்த 1992-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மூன்றின் விளம்பரத்தையும் தடுக்கிறது. 2003-இல் அதைத் திருத்தி இன்னும் இறுக்கினார்கள். பொருளை விற்பவரை மட்டுமல்ல, விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கெடுப்பவரையும் அது குறிப்பிடுகிறது. அதனால் பாட்டில் படம் கேட்டு யார் வந்தாலும், எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள் என்று முதலில் கேட்பேன். பாட்டிலைக் கொதிநீரில் சுத்தம் செய்வது எப்படி என்ற கட்டுரைக்கு என்றால் எடுத்துத் தருவேன், விளம்பரத்துக்கு என்றால் இல்லை. பொம்மை விளம்பரத்தில் பாட்டிலை அலங்காரமாக வைக்கவும் நான் துணியமாட்டேன்.

அவரிடமும் அதைத்தான் சொன்னேன். மறுநாள் பாட்டிலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இளநீல மல் துணி ஒன்றை நான்காக மடித்து வைத்து, ஜன்னலில் வேட்டி கட்டி, பல்பை அணைத்துவிட்டு மறுபடியும் எடுத்து அனுப்பினார். முயலின் கன்னத்தில் ஒவ்வொரு ரோமமும் தெரிந்தது. இரண்டு காதும் ஒரே நிறம். இடது காதின் நிழல் மட்டும் பச்சைப் பேப்பரில் லேசாக விழுந்திருந்தது. "இதுக்கு எடிட்டிங்கே பண்ணலைங்க," என்று கீழே எழுதியிருந்தார்.