வர்த்தமானியில் வந்த ஒழுங்குவிதியைப் பாராளுமன்றம் பார்த்ததா? தேடிப் பார்க்கும் முறை

2021 மே மாதம் சுன்னாகம் பக்கம் தோட்டம் செய்கிற ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, பசளையை நிற்பாட்டின சட்டத்தைப் பாராளுமன்றத்தில எப்ப நிறைவேற்றினவை?" அப்படி ஒரு சட்டம் நிறைவேற்றப்படவில்லை. பசளை இறக்குமதியை நிறுத்தியது 2021 மே 6 ஆம் திகதி வெளிவந்த 2226/48 இலக்க அதிவிசேட வர்த்தமானி. அதில் இருந்தது அமைச்சர் ஆக்கிய ஓர் ஒழுங்குவிதி. இதையே உதாரணமாக வைத்து, ஓர் ஒழுங்குவிதியை எப்படிப் பின்தொடர்வது என்று பார்ப்போம்.

முதலில் வர்த்தமானியை documents.gov.lk தளத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கத்தின் முன்பாதி வாரத்தையும் பின்பாதி அந்த வாரத்தில் அது எத்தனையாவது அதிவிசேட வர்த்தமானி என்பதையும் குறிக்கும். தடைசெய்த பொருட்களின் பட்டியலுக்கு நேரே போய்விடாதீர்கள். ஒழுங்குவிதியின் தொடக்கத்தில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் அது ஆக்கப்பட்டது என்று எழுதியிருக்கும். நம்முடைய உதாரணத்தில் அது 1969 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதி (கட்டுப்பாட்டு)ச் சட்டத்தின் 20 ஆம் பிரிவு.

அப்புறம் அந்தத் தாய்ச் சட்டத்தைத் திறந்து, அதே பிரிவை வாசியுங்கள். இலங்கைச் சட்டங்களில் இந்த இடத்தில் வழக்கமாக மூன்று விடயங்கள் வரும். ஒழுங்குவிதி வர்த்தமானியில் வெளியான நாளில், அல்லது அதிலே குறித்த பிந்திய நாளில், நடைமுறைக்கு வரும். அதன்பின் "வசதியான அளவு விரைவில்" அது பாராளுமன்றத்தின் அங்கீகாரத்துக்குக் கொண்டுவரப்பட வேண்டும். அங்கீகாரம் கிடைக்காவிட்டால், மறுக்கப்பட்ட திகதியிலிருந்து அது நீக்கப்பட்டதாகக் கருதப்படும். ஆனால் அதற்கு முன் அதன்கீழ் செய்யப்பட்டவை பாதிக்கப்படா.

இந்த மூன்றையும் சேர்த்து வாசித்தால்தான் பெரியவரின் கேள்விக்கு விடை கிடைக்கும். மே 6 ஆம் திகதியே விதி உயிர்பெற்றுவிட்டது. அதற்குப் பாராளுமன்றம் கூட வேண்டிய தேவை இருக்கவில்லை. பிறகு பாராளுமன்றம் மறுத்தாலும், இடைப்பட்ட காலத்தில் திருப்பி அனுப்பப்பட்ட சரக்கும் பசளையில்லாமல் போன வெங்காயப் போகமும் திரும்பி வரா. "வசதியான அளவு விரைவில்" என்பதில் நாட்கணக்கும் இல்லை. இதைத்தான் நான் பெரிய ஓட்டை என்று நினைக்கிறேன். அண்மைக்காலச் சட்டங்கள் சிலவற்றில் மூன்று மாதம் என்று காலம் குறித்திருக்கிறார்கள். உங்கள் சட்டம் எந்த வகை என்பதைப் பார்த்து எழுதி வையுங்கள். சில சட்டங்கள் அங்கீகாரம் கேட்பதில்லை, சபையில் சமர்ப்பித்தாலே போதும் என்று விட்டுவிடும். சமர்ப்பித்தலும் அங்கீகாரமும் ஒன்றல்ல.

சரி, இப்போது பாராளுமன்றத்தில் தேடுவோம். parliament.lk தளத்தில் அன்றன்றைய நிகழ்ச்சிநிரலான ஒழுங்குப் பத்திரமும், சபையில் பேசியவற்றின் பதிவான ஹன்சாட்டும் இருக்கின்றன. ஹன்சாட்டின் தொடக்கத்தில் அன்றைக்குச் சபாபீடத்தில் சமர்ப்பித்த பத்திரங்கள் வரும். அங்கீகாரப் பிரேரணையோ பின்னால், விவாதத்தோடு வரும். தாய்ச் சட்டத்தின் பெயரை வைத்துத் தேடினால், பல விதிகளை ஒரே நாளில் ஒன்றாக அங்கீகரித்திருப்பதைக் காண்பீர்கள். அதனால் பெயர் பொருந்தினால் மட்டும் போதாது. வர்த்தமானி இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இடையில் குழு ஒன்று இருக்கிறது. துறைசார் மேற்பார்வைக் குழுக்களுக்குத் தமது விடயப்பரப்புக்குள் வரும் ஒழுங்குவிதிகளை ஆராயும் அதிகாரத்தை, பாராளுமன்றத்தின் நடைமுறை விதிகளான நிலையியற் கட்டளைகள் கொடுத்திருக்கின்றன. இறக்குமதிக் கட்டுப்பாடு, வரி போன்ற நிதி சார்ந்தவற்றை அரசாங்க நிதி பற்றிய குழு பார்க்கும். அதிகாரிகளை அழைத்து, "இந்தப் பொருளை ஏன் சேர்த்தீர்கள், கையிருப்பு எவ்வளவு, மாற்று வழி என்ன" என்று கேட்கக்கூடிய இடம் இதுதான். சபை விவாதத்தில் அது நடப்பதில்லை. அங்கே விதியை முழுதாக ஏற்கலாம் அல்லது மறுக்கலாம், ஒரு வரியை மட்டும் வெட்ட முடியாது. ஒரு வரியை மாற்றவேண்டுமானால் அமைச்சர் திருத்த ஒழுங்குவிதி ஒன்றை வெளியிடவேண்டும். பசளைத் தடையும் அந்த ஆண்டு நவம்பரில் அரசாங்கத்தின் முடிவாகத்தான் தளர்ந்தது. சபையில் தோற்றதால் அல்ல.

எனவே கடிதம் எழுதுவதானால், அங்கீகாரத்துக்கு முன்னர், உங்கள் மாவட்ட உறுப்பினருக்கும் குழுவின் தவிசாளருக்கும் எழுதுங்கள். "தடையை நீக்குங்கள்" என்று பொதுவாக எழுதினால் குழுவுக்குக் கையில் பிடிக்க ஒன்றும் இருக்காது. இப்படி எழுதலாம்:

"… இலக்க அதிவிசேட வர்த்தமானியின் அட்டவணையில் … ஆம் உருப்படி எமது சின்ன வெங்காயச் செய்கையைப் பாதிக்கிறது. நடுகை … மாதம் தொடங்குகிறது. அதற்கு முன் … பசளை தேவை. இந்த உருப்படி பற்றி அமைச்சின் அதிகாரிகளிடம் விளக்கம் கேட்டு, திருத்த ஒழுங்குவிதி ஒன்றைப் பரிந்துரைக்குமாறு வேண்டுகிறோம்."

கடிதத்தின் பிரதியில் மூன்று திகதிகளைக் குறித்து வையுங்கள்: வர்த்தமானி வெளியான நாள், குழு ஆராய்ந்த நாள், சபை அங்கீகரித்த அல்லது மறுத்த நாள். மூன்றாவது வெறுமையாகவே கிடந்தால், அந்த விதி இன்னும் நடைமுறையில் இருக்கிறது, ஆனால் பாராளுமன்றம் அதைப்பற்றி இன்னும் முடிவெடுக்கவில்லை என்று அர்த்தம்.