ஃபிரான்சைஸ் ஒப்பந்தம்: பணம் கட்டுவதற்கு முன் நான் சிவப்புப் பேனாவால் கோடிட்ட இடங்கள்

காரைக்குடி செக்காலை சாலையில் ஒரு காபி, சிற்றுண்டிக் கடையை ஃபிரான்சைஸ் முறையில் எடுத்தேன். அது இரண்டாவது முயற்சி. முதல் முயற்சியில் வேறொரு நிறுவனத்திடம் ஒரு லட்சம் ரூபாயை இழந்தேன். கடை தேடுவது, வங்கிக் கடன் எல்லாம் உங்களுக்கே தெரியும். ஒப்பந்தத்துக்கு நேராக வருகிறேன்.

1. முன்பணத்துக்கு முன் வரைவு

'இடத்தைப் பிடித்து வைக்க' முன்பணம் கேட்பார்கள். அன்று நான் வாங்கிய ரசீதின் அடியில் 'எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்று பொடி எழுத்தில் இருந்தது. நான் காட்டிய மூன்று கடைகளையும் அவர்கள் நிராகரித்துவிட்டார்கள். கடையும் இல்லை, பணமும் இல்லை.

இரண்டாம் முறை, முழு ஒப்பந்த வரைவு கைக்கு வரும்வரை ஒரு ரூபாய் கூடத் தரவில்லை. 'கையெழுத்திட்ட 60 நாட்களுக்குள் இடம் ஒப்புதல் ஆகாவிட்டால், 10 சதவீதம் கழித்து மீதியைத் தர வேண்டும்' என்ற வரியையும் சேர்க்கச் சொன்னேன். முணுமுணுத்தார்கள், சேர்த்தார்கள்.

வரைவைத் திரையில் படிக்காதீர்கள். அச்சடித்து, சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள்.

2. ராயல்டி எதன் மேல்?

நான் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான். 'மாதம் 6 சதவீதம்' என்பதைப் பார்த்து எல்லோரும் தலையாட்டிவிடுகிறோம். எதில் 6 சதவீதம் என்பது முன்பக்கங்களில், சொற்பொருள் விளக்கப் பகுதியில் ஒளிந்திருக்கும். என் வரைவில் 'மொத்த விற்பனை' என்றால் பில்லில் உள்ள முழுத் தொகை. அதாவது வாடிக்கையாளரிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் ஜிஎஸ்டி, உணவு விநியோக ஆப் எடுத்துக்கொள்ளும் கமிஷன் இரண்டுக்கும் சேர்த்து நான் ராயல்டி கட்ட வேண்டும்.

கமிஷனுக்கு மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜிஎஸ்டி போக மாத விற்பனை 3,00,000 என்று வையுங்கள். அதில் 1,20,000 ஆப் வழியாக. கமிஷன் 25 சதவீதம் என்றால் 30,000 நம் கைக்கே வராது. ஆனாலும் 3,00,000க்கு ராயல்டி 18,000. கைக்கு வந்த 2,70,000க்கு மட்டும் என்றால் 16,200. வித்தியாசம் 1,800தானே என்று தோன்றும். ராயல்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஐந்து சதவீத வரியில் நடக்கும் உணவகத்துக்கு அதை உள்ளீட்டு வரவாகக் கழிக்க முடியாது. ஆக மாதம் 2,124; ஐந்து ஆண்டுகளில் 1,27,440.

இதைவிடக் கடுமை 'குறைந்தபட்ச ராயல்டி'. என் வரைவில் மாதம் 20,000; அது இருந்தால் மேலே போட்ட 18,000, 16,200 இரண்டுமே 20,000 ஆகிவிடும். ஆடியில் விற்பனை இரண்டு லட்சமாக இறங்கினால் ஆறு சதவீதம் 12,000தான், கட்டுவதோ 20,000. ஆறு சதவீதம் சத்தமில்லாமல் பத்தாகிவிடுகிறது. ஐந்தொகை போட்டு வளர்ந்த ஊரில் இருந்துகொண்டு இதை முதல் வாசிப்பில் நான் கவனிக்கவில்லை!

பேசியதில் ஜிஎஸ்டியை நீக்கினார்கள், கமிஷனை நீக்க மறுத்தார்கள், முதல் 12 மாதங்களுக்குக் குறைந்தபட்ச ராயல்டியைத் தள்ளுபடி செய்தார்கள். எதுவும் வாய்வார்த்தையாக வேண்டாம். விற்பனைப் பிரதிநிதி சொன்னது ஒப்பந்தத்தில் இல்லையென்றால் அவர் சொல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஒப்பந்தமும் வாடகையும் ஒரே வயதா?

ஃபிரான்சைஸ் ஐந்து ஆண்டு, வாடகைப் பத்திரம் 11 மாதம் என்றால், நடுவில் கடையைக் காலி செய்யச் சொன்னால் கட்டிய கட்டணத்தின் மீதி ஆண்டுகள் போச்சு. 'அதே பகுதிக்குள் கட்டணமின்றி இடம் மாற்றலாம்' என்ற வரியைக் கேளுங்கள். ஐந்து ஆண்டுக் குத்தகை என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பூர்வீகக் கட்டடங்களுக்குப் பல பங்காளிகள் இருப்பார்கள்; ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். வாடகை வாங்குகிறவர் கையெழுத்து மட்டும் போதாது. மற்றப் பங்காளிகளும் கையெழுத்திட வேண்டும், அல்லது அவருக்கு அதிகாரப் பத்திரம் தந்திருக்க வேண்டும்.

பின்சேர்க்கை

தேவகோட்டை வாசகர் ஒருவர் கேட்டார்: 'பெயரே அவர்களுடையதுதானா என்று பார்த்தீர்களா?' உண்மையில் நான் பார்க்கவில்லை. அன்றிரவே பார்த்தேன். ipindia.gov.in தளத்தின் வணிகக்குறித் தேடலில் பெயரை இட்டு, உணவகச் சேவைக்கான 43ஆம் வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். Registered என்று வந்தால், உரிமையாளர் பெயரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நிறுவனமும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். Objected அல்லது Opposed என்றால் பதிவு இன்னும் முடியவில்லை. பின்னால் பெயர்ப்பலகையை இறக்க நேரிட்டால் செலவு யாருடையது என்று எழுதி வாங்குங்கள். எனக்கு Registered என்றே வந்தது. ஆனால் குறி நிறுவனத்தின் பெயரில் இல்லை, அதன் இயக்குநர் ஒருவரின் சொந்தப் பெயரில் இருந்தது. அவர் நிறுவனத்துக்கு உரிமம் தந்த கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி, ஒப்பந்தத்தோடு வைத்திருக்கிறேன்.