போன்ல வெளியில ரெக்கார்ட் பண்ணும்போது காத்து சத்தம்: எல்லாரும் பண்ற தப்புகள்

ஆடி மாசத்துல ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஒரு பெரியவர்கிட்ட பேட்டி எடுக்கணும்னு வைங்க. வாழைத் தோட்டத்துல நின்னு அவர் பேசுறாரு, நீங்க போன்ல ரெக்கார்ட் பண்றீங்க. கணவாய் வழியா மேற்குல இருந்து காத்து அடிச்சுத் தள்ளும், அத்தனை காத்தாலை அங்க நிக்கிறதே அதனாலதான். இந்த மாதிரி இடத்துல நல்லா ரெக்கார்ட் பண்ணிட்டா பீச், மொட்டை மாடி எல்லாம் பிரச்சனையே இல்ல, அதனால இதையே எடுத்துக்குவோம்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கணும். ரெக்கார்டிங்ல கேக்குற அந்த "டபடப" சத்தம் தோட்டத்துல யாருக்குமே கேட்ட சத்தம் இல்ல. காத்து போனோட விளிம்புலயும் மைக் ஓட்டையிலயும் மோதி சுழலுது, அந்த சுழல் உள்ள இருக்குற மெல்லிசான தகட்டை நேரடியா அழுத்துது, அந்த அழுத்தம்தான் சத்தமா பதிவாகுது. அதுவும் காத்து வேகம் ரெண்டு மடங்கானா இந்த அழுத்தம் சுமார் நாலு மடங்கு ஆகும், அதாவது 12 டெசிபல் கூடும். திருப்பிப் பாத்தா இது நல்ல செய்தி, மைக் இருக்குற இடத்துல காத்தை பாதியா குறைச்சாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

ரொம்பப் பேர் பண்ற முதல் தப்பு, எடுத்ததை போன் ஸ்பீக்கர்லயே போட்டுக் கேட்டுட்டு "நல்லாத்தான் இருக்கு"ன்னு கிளம்பிடுறது. காத்து சத்தத்துல பெரும்பகுதி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்குற அடித்தொனி, அந்தச் சின்ன ஸ்பீக்கர்ல அது சரியா வரவே வராது, வீட்டுக்கு வந்து ஹெட்போன் மாட்டும்போதுதான் தெரியும். அதனால இயர்போன் ஒண்ணு பையில இருக்கட்டும். முதல்ல அரை நிமிஷம் எடுத்து, இயர்போன்ல கேட்டுட்டு அப்புறம் பேட்டியை ஆரம்பிங்க.

அடுத்து, எந்த மைக் வேலை செய்யுதுன்னே தெரியாம எதையாவது மூடுறது. போன்ல ரெண்டு மூணு மைக் இருக்கும், கீழ சார்ஜர் போடுற இடத்துக்குப் பக்கத்துல ஒண்ணு, மேல ஒண்ணு, சில போன்ல பின்னாடி கேமரா பக்கம் இன்னொண்ணு. வாய்ஸ் ரெக்கார்டர் பெரும்பாலும் கீழ் மைக்கை எடுக்கும், வீடியோவுக்கு வேற மைக்கும் சேர்ந்து வரலாம். கண்டுபிடிக்க ஈஸி வழி இருக்கு, ரெக்கார்ட் ஆன் பண்ணிட்டு ஒவ்வொரு ஓட்டைக்குப் பக்கத்துலயும் விரலால மெதுவா தேய்ச்சுக்கிட்டே "இது கீழ, இது மேல"ன்னு சொல்லுங்க, திரும்பக் கேட்டா எங்க தேய்ச்சப்ப சத்தம் பெருசா வந்துச்சுன்னு தெரிஞ்சிடும். தயவுசெஞ்சு சிம் பின்னை மட்டும் ஓட்டைக்குள்ள விட்டு நோண்டாதீங்க, மைக்கே போயிடும்.

சரி, மைக் தெரிஞ்சாச்சு, உடனே பஞ்சை வெச்சு அமுக்கி டேப் ஒட்டிடுவாங்க. இதுதான் எனக்கு ரொம்ப ஆதங்கமான தப்பு, ஏன்னா இவ்ளோ சிரமப்பட்டும் பலன் இல்ல. ஓட்டையை அடைச்சா பேச்சோட தெளிவுதான் முதல்ல போகும், "ச", "ஸ" எல்லாம் மொக்கையாயிடும், காத்தோட அழுத்தமோ பஞ்சைத் தாண்டி வந்துக்கிட்டே இருக்கும். காத்தை தடுக்குறது துணி மட்டும் இல்ல, துணிக்கும் மைக்குக்கும் நடுவுல அசையாம நிக்குற காத்து. டிவிக்காரங்க மைக்ல முடி முடியா ஒரு உறை போட்டிருப்பாங்களே, அந்த முடி காத்தோட வேகத்தை உடைக்கும், உள்ள இருக்குற இடைவெளியில காத்து அசையாம இருக்கும். வீட்டுலயே பண்ணலாம். கரடி பொம்மை தைக்கிற நீள முடித் துணியில, போனோட கீழ்ப்பாதி நுழையுற அளவுக்கு ஒரு பை தைங்க. மைக் ஓட்டையைச் சுத்தி ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு ஸ்பாஞ்சை சட்டம் மாதிரி வெட்டி ஒட்டிடுங்க, ஓட்டைக்கு நேரா மட்டும் காலியா விடுங்க, அப்பத்தான் துணி மைக்கைத் தொடாது. அவசரத்துக்கு ஒரு கம்பளி சாக்ஸை போன்ல மாட்டி, நுனியை இழுக்காம தொளதொளன்னு விட்டாலும் லேசான காத்துக்கு தாங்கும். வெறும் ஸ்பாஞ்சும் அப்படித்தான், ஆடிக் காத்துக்கு பத்தாது. பண்ண உறை சரியான்னு பாக்க, வீட்டுக்குள்ள ஃபேனை ஆஃப் பண்ணிட்டு ஒரே வரியை உறையோட ஒரு தடவை, உறை இல்லாம ஒரு தடவை பேசி ஒப்பிட்டுப் பாருங்க. உறையோட பேசினது ரொம்ப மங்கலா கேட்டா துணி அடர்த்தி ஜாஸ்தி.

இனி நிக்குற இடம். வாழை மரத்துக்குப் பின்னாடி நின்னா காத்து குறையும்னு தோணும், ஆனா இலை படபடக்குற சத்தம் பேச்சு இருக்குற அதே தொனியில வரும், பின்னாடி அதை எடுக்கவே முடியாது. மோட்டார் ரூம் சுவர் இருந்தா அதோட கிழக்குப் பக்கம் வாங்க, காத்து மேற்குல இருந்துதானே வருது. சுவரோட முனையில நிக்காதீங்க, அங்கதான் காத்து சுத்தி சுத்தி அடிக்கும், நடுவுல சுவரை ஒட்டி உக்காருங்க. நிக்குறதை விட உக்காந்தா காத்து இன்னும் கம்மி, தரைக்குப் பக்கத்துல வேகம் குறைவு. நேரத்தை நீங்க முடிவு பண்ணலாம்னா விடியக்காலையில போங்க, பெரும்பாலான நாள் தரை மட்டத்துல காத்து அப்ப தணிஞ்சிருக்கும்.

இதைவிட முக்கியமானது தூரம். பெரியவர் வாயில இருந்து போன் 80 சென்டிமீட்டர் தள்ளி இருந்ததை ஒரு ஜாணுக்கு, அதாவது 20 சென்டிமீட்டருக்கு கொண்டு வந்தா, பேச்சு சுமார் 12 டெசிபல் கூடும், காத்து சத்தம் அப்படியேதான் இருக்கும். வாய்க்கு நேரா வைக்காம தாடைக்குப் பக்கவாட்டுல வைங்க, இல்லன்னா "ப" சொல்லும்போது அவர் மூச்சே காத்தா வந்து இடிக்கும்.

கடைசியா, "எடிட்டிங்ல பாத்துக்கலாம்"ங்கிற நினைப்பு. எடிட்டிங்ல கொஞ்சம் முடியும், அதோட எல்லை எதுன்னு தெரிஞ்சிக்கணும். நிறைய பேர் ஆடாசிட்டிங்கிற ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல நேரா `Noise Reduction` போறாங்க, அது ஃபேன் சத்தம் மாதிரி ஒரே சீரா இருக்குறதுக்குத்தான் சரிப்படும், காத்து ஏறி இறங்கி வரும், அதுல போட்டா தண்ணிக்குள்ள பேசுற மாதிரி ஆயிடும். அதுக்கு பதிலா அடித்தொனியை வெட்டுற `High-Pass Filter` எடுத்து, `Frequency` 100 ஹெர்ட்ஸ், `Roll-off` 24 டெசிபல்னு வைங்க. ஆம்பளைக் குரலோட அடித்தொனி கொஞ்சம் குறையும், ஆனா வார்த்தை புரியுறதுக்கு ஒண்ணும் ஆகாது, பொம்பளைக் குரலுக்கு 150 வரைக்கும் போகலாம். இதைப் பண்ணிட்டு அப்புறம்தான் சத்தத்தை ஏத்தணும், முதல்லயே ஏத்தினா பேச்சுக்கு பதிலா காத்துதான் அளவை நிர்ணயிக்கும்.

அலை வடிவத்தை பெருசாக்கிப் பாக்கும்போது உச்சி எல்லாம் தட்டையா வெட்டின மாதிரி இருந்தா மைக் திணறிப் போச்சுன்னு அர்த்தம், அந்த கரகரப்பு பேச்சு முழுக்க கலந்திருக்கும், ஃபில்டரால எடுக்க முடியாது. அதனால பேட்டி எடுக்கும்போதே பலமா ஒரு காத்து அடிச்சா, அவர் வாக்கியத்தை முடிக்க விடுங்க, காத்து தணிஞ்சதும் "ஐயா, கடைசியா சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்களேன்"னு கேட்டு வாங்கிக்கங்க.