செயப்பாட்டு வினைக்கு ஒரு பாம்பன் பத்தி

பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையைப் பழக்க, நான்கே வாக்கியமுள்ள பத்தியை இயல்பான வேகத்தில் இரண்டு முறை வாசியுங்கள். முதல் முறை பேனா கீழே இருக்கட்டும். இரண்டாம் முறை மாணவர்கள் முக்கியச் சொற்களை மட்டும் குறிக்கட்டும். பிறகு மூவர் மூவராகச் சேர்ந்து, ஒரே தாளில், பத்தியை மீண்டும் எழுதட்டும்.

பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டதையும் 1964 புயலில் சேதமானதையும் சொல்லும் பத்தி நம் ராமநாதபுரம் கடலோரப் பிள்ளைகளுக்குப் பொருத்தம்; கதை தெரியும் என்பதால் காது மொழியைக் கவனிக்கும். தாளில் ‘பிரிட்ஜ், ஓபன், 1914, சைக்ளோன், டேமேஜ்’ நிற்கும். ‘வாஸ்’, ‘பை’ இரண்டும் நழுவியிருக்கும். ‘பிரிட்ஜ் ஓபன்ட்’டா, ‘வாஸ் ஓபன்ட்’டா என்று அவர்களே வாதாடும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் இலக்கணம் பதிகிறது, குறுக்கிடாதீர்கள். கடைசியில் மூலத்தைக் கரும்பலகையில் எழுதி ஒப்பிடுங்கள். ‘புயல் பாலத்தைச் சேதப்படுத்தியது’ என்று செய்வினையில் எழுதிய குழுவுக்கும் அது சரியே; இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள்.

எல்லாக் குழுவின் தாளும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தால் மெதுவாக வாசித்துவிட்டீர்கள், அது வெறும் டிக்டேஷன். பத்தியில் நாலைந்து புதுச்சொல் இருந்தாலோ, எழுத்துப்பிழை திருத்துவதுதான் நோக்கம் என்றாலோ இந்த முறை உதவாது.