வங்கித் தேர்வு ரீசனிங்: இருக்கைப் புதிரை எந்தக் குறிப்பில் தொடங்குவது?

ஐபிபிஎஸ் பிஓ முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் பகுதிக்கு 35 கேள்விகள், 20 நிமிடம். இதில் பெரும்பங்கு புதிர்கள்தான். பலருக்கு நேரம் போவது குறிப்புகளைக் கேள்வியில் உள்ள வரிசைப்படியே வரைவதால். எதை முதலில் எடுப்பது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை குறையும். வட்ட மேசையில் ஒன்றை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்.

எட்டுப் பேர் மையத்தை நோக்கி உட்கார்ந்திருக்கிறார்கள்: அமுதா, பாலு, செல்வி, தேவா, குமார், மாலா, ரவி, வேணி.

1. மாலா, பாலுவுக்குப் பக்கத்தில் இல்லை.
2. பாலு, அமுதாவுக்கு இடப்பக்கம் மூன்றாவது.
3. பாலுவுக்கும் குமாருக்கும் நடுவில் ஒருவர் மட்டும்.
4. செல்வி, குமாருக்கு நேர் எதிரே.
5. தேவா, செல்விக்கு வலப்பக்கம் இரண்டாவது.
6. ரவி, செல்விக்கு உடனடி இடப்பக்கம்.

படி 1: திசை. மையத்தை நோக்கி இருப்பவருக்கு இடப்பக்கம் என்பது கடிகாரச் சுற்று. வெளியே நோக்கி இருந்தால் அப்படியே தலைகீழ். வட்டம் போட்டு, 1 முதல் 8 வரை கடிகாரச் சுற்றில் எண் எழுதுங்கள். இப்போது இடம் என்றால் கூட்டல், வலம் என்றால் கழித்தல்.

படி 2: தொடங்கும் ஆள். பாலு மூன்று குறிப்புகளில் வருகிறார், செல்வியும் மூன்றில் வருகிறார். ஆனால் பாலுவின் குறிப்புகளில் ஒன்று 'இல்லை' என்கிறது, இன்னொன்று எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. செல்வியின் மூன்றும் இடத்தை உறுதியாகச் சொல்கின்றன. ஆகவே செல்விதான். வட்டத்தில் முதல் ஆளை எங்கு வைத்தாலும் ஒன்றுதான் என்பதால் 1-ல் வைக்கலாம்.

படி 3: உறுதியானவை. எதிரே குமார், 5. வலப்பக்கம் இரண்டாவது தேவா, 7. உடனடி இடப்பக்கம் ரவி, 2.

படி 4: இரண்டு வாய்ப்பு உள்ளவை. குமாரிடமிருந்து ஓர் ஆள் தள்ளி பாலு. 3 அல்லது 7. ஏழில் தேவா இருப்பதால் 3. அவர் அமுதாவுக்கு இடப்பக்கம் மூன்றாவது, ஆகவே அமுதா 8.

படி 5: 'இல்லை' குறிப்பு. மிச்சம் 4, 6. பாலுவின் பக்கத்தில் மாலா இல்லை என்பதால் மாலா 6, வேணி 4. முடிந்தது.

இதையே அமுதா, பாலு என்று தொடங்கியிருந்தால் குமாருக்கு இரண்டு இடம் வந்து, இரண்டு வட்டம் வரைய வேண்டியிருக்கும். விடை அதேதான், நேரம்தான் கூடுதல். கேள்விக்குப் போகும் முன் எல்லாக் குறிப்பையும் படத்தோடு ஒருமுறை சரிபாருங்கள். ஒன்று இடித்தாலும் பெரும்பாலும் இடம், வலம்தான் மாறியிருக்கும்.

நேர் வரிசை. இங்கே முதல் ஆளை நினைத்த இடத்தில் வைக்க முடியாது. வரிசைக்கு ஓரம் உண்டு. அதனால் 'இடது ஓரத்திலிருந்து மூன்றாவது' போன்ற குறிப்புதான் தொடக்கம். வடக்கு நோக்கினால் அவருடைய இடம் உங்கள் தாளின் இடம். தெற்கு நோக்கினால் மாறும். ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். எத்தனை பேர் என்றே சொல்லாத வரிசையில், கடைசிக் குறிப்பு முடியும்வரை ஓரத்தை அடைக்க வேண்டாம்.

இரட்டை வரிசை. பெரும்பாலும் மேல் வரிசை தெற்கு நோக்கும், கீழ் வரிசை வடக்கு நோக்கும். 'எதிரே' என்ற குறிப்புதான் இரண்டு வரிசையையும் கட்டும் கயிறு; யார் எந்த வரிசை என்று பிரித்த கையோடு அதைப் போடுங்கள்.

மாடிப் புதிர். 'மேலே' என்பதும் 'உடனடியாக மேலே' என்பதும் வேறு வேறு. முதலாவது எத்தனை மாடி மேலே என்றாலும் பொருந்தும். 'பாலுவுக்கு மேலே எத்தனை பேரோ, ரவிக்குக் கீழே அத்தனை பேர்' என்ற குறிப்பைப் பலர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். கீழ்த்தளத்தை 1 என வைத்து, மாடிக்கு ஒருவராக எட்டு மாடி என்றால், இதற்குப் பொருள் இருவரின் மாடி எண்களின் கூட்டுத்தொகை 9 என்பதுதான். பாலு 6-ல் இருந்தால் ரவி 3. யோசிக்க ஒன்றுமில்லை.

எந்த வகையானாலும் உறுதியான குறிப்புகள் தீர்ந்த பிறகும் நான்கு படம் கையில் நின்றால், அந்தப் புதிரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் போகும். ஒரு தவறான படம் அதிலுள்ள கேள்விகள் அத்தனையையும் இழுத்துக்கொண்டு போகும்.